ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டுகள்: பணிச்சுருக்கம் எழுதும் முறை

வேலை தேடுவோர் அனுப்பும் தன்விவரக் குறிப்பின் தலைப்பகுதியில், பெயருக்கும் முகவரிக்கும் கீழே, நான்கைந்து வாக்கியங்களில் ஒரு சுருக்கம் இடம்பெறுவது வழக்கம். விண்ணப்பங்களைப் பிரித்தெடுக்கும் அலுவலர் முதலில் படிப்பது அதனையே. அதில் மனம் நின்றால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்.

பல நிறுவனங்களில் பணியாற்றியவருக்கு இச்சுருக்கத்தை எழுதுவது அத்துணைக் கடினமன்று. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் தம் வேலையை அயலாருக்கு விளக்கிச் சொல்லி அவர் பழகியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக ஒரே வாயிலில் நுழைந்து வெளிவந்தவருக்கு அந்தத் தேவை எழுந்ததேயில்லை. அவர் யார், என்ன செய்கிறார் என்பதை அங்குள்ள அனைவரும் அறிவர். எனவே, அந்நிறுவனத்துக்குள் மட்டும் வழங்கும் சொற்களே அவர் நாவில் நிற்கின்றன. அச்சொற்களைப் பொதுவழக்குக்கு மாற்றும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இக்கட்டுரையில் காண்போம்.

எடுத்துக்காட்டாக ஒருவர்

புணேயை அடுத்த சாக்கன் தொழிற்பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே எரிபொருள் குழாய்களும் புகைபோக்கிக் குழாய்களும் செய்யப்படுகின்றன. அதன் பண்டகசாலைக்குப் பொறுப்பாளராக இருப்பவருக்கு வயது நாற்பத்து மூன்று. இயந்திரவியலில் டிப்ளமா பெற்றவர். 2004-ஆம் ஆண்டு உதவியாளராகச் சேர்ந்தவர் இருபது ஆண்டுகளை அங்கேயே கழித்துவிட்டார். இப்போது நிறுவனம் தன் உற்பத்தியைக் குஜராத்தின் சாணந்த் பகுதிக்கு மாற்றுகிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டுக்கடனின் மாதத்தவணை இன்னும் ஒன்பது ஆண்டுகளுக்கு உள்ளது. ஆதலால் புணே வட்டாரத்திலேயே வேறு வேலை தேட அவர் முடிவுசெய்கிறார்.

அவர் முதலில் எழுதிய சுருக்கம் இது:

"கடின உழைப்பும் நேர்மையும் உடையவன். ஒரே நிறுவனத்தில் 20 ஆண்டு அனுபவம் பெற்றவன். தற்போது டி-2 மையத்தின் எம்-4 நிலை ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். பண்டகசாலை தொடர்பான எல்லாப் பணிகளையும் அறிவேன். எந்தப் பொறுப்பையும் ஏற்க ஆயத்தமாக உள்ளேன்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் படிப்பவருக்கு இதனால் எந்தச் செய்தியும் கிட்டவில்லை. 'டி-2 மையம்' என்பது அத்தொழிற்சாலையின் ஒரு கட்டடத்துக்கு வைக்கப்பட்ட பெயர். 'எம்-4' என்பது அங்குள்ள ஊதிய நிலை. வெளியாருக்கு இவ்விரண்டும் பொருள் தரா. 'எல்லாப் பணிகளையும் அறிவேன்' என்பதிலிருந்து அவர் பத்துப் பேரை நடத்தியவரா, தனியாளாகப் பேரேடு எழுதியவரா என்பது விளங்கவில்லை. 'எந்தப் பொறுப்பையும்' என்று எழுதும்போது, எந்தப் பொறுப்புக்கு இவரை எண்ணிப் பார்ப்பது என்ற வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

இவற்றினும் பெரிய குறை இரண்டாம் வாக்கியத்தில் உள்ளது. 'ஒரே நிறுவனத்தில் 20 ஆண்டு' என்பதை அவர் ஒரு சிறப்பாகக் கருதி எழுதினார். படிப்பவர் மனத்திலோ அது இரண்டு ஐயங்களை எழுப்பக்கூடும். இவர் அறிந்தது தொழிலையா, அந்த ஒரு நிறுவனத்தின் பழக்கவழக்கங்களையா என்பது ஒன்று. வேலை பழகிய பின்னர்ப் புதிதாக எதையேனும் கற்றாரா என்பது மற்றொன்று. நல்ல பணிச்சுருக்கம் இவ்வையங்கள் கேள்வியாக எழுமுன்னரே விடை தந்துவிடும்.

முதற்படி: ஆவணங்களிலிருந்து தொடங்குதல்

நினைவிலிருந்து எழுதத் தொடங்கினால் அண்மைய இரண்டு மூன்று ஆண்டுகளே முன்னே வந்து நிற்கும். ஆகவே முதலில் பணி நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றிலிருந்து எந்த ஆண்டில் எந்தப் பொறுப்பு என்ற பட்டியலைத் தயாரிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு அது இவ்வாறு அமைகிறது: 2004 முதல் உதவியாளர், 2009 முதல் ஸ்டோர் கீப்பர், 2014 முதல் துணைப் பொறுப்பாளர், 2019 முதல் பொறுப்பாளர். நிறுவனம் ஒன்றே எனினும் பொறுப்புகள் நான்கு. முதற்சுருக்கத்தில் இது எங்கும் தெரியவில்லை.

அடுத்து, தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் உறுப்பினர் இணையதளத்தில் உள்ள தம் பணி வரலாற்றைப் பார்த்து, சேர்ந்த நாளை ஒப்பிட வேண்டும். புதிய நிறுவனங்கள் பலவும் விண்ணப்பதாரர் தரும் தேதிகளை இந்தப் பதிவுடன் ஒத்துப் பார்க்கின்றன. இங்கே பலருக்கும் ஒரு வேறுபாடு தென்படும். தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுபவர் வைப்புநிதித் திட்டத்தில் ஊழியராகக் கணக்கிடப்படுவதில்லை. நம்மவர் 2003-இல் பழகுநராக வந்து 2004-இல் நிரந்தரமானவர். சுருக்கத்தில் '21 ஆண்டுகள்' என்று எழுதினால் பதிவுடன் அது முரண்படும். '2004 முதல்' என்று எழுதிவிட்டு, பழகுநர் காலத்தைக் கீழே கல்வி, பயிற்சி ஆகியவற்றோடு தனியே குறிப்பிடுவதே தக்கது.

இரண்டாம்படி: வெளியார் அறிந்த ஆண்டுகளைத் தேடுதல்

ஒரு நிறுவனத்துக்குள் நடந்தவற்றை அளந்து பார்க்க வெளியாரிடம் அளவுகோல் இல்லை. 'எங்கள் டி-2 மையத்தைச் சீரமைத்தேன்' என்றால் அது பெரிய செயலா சிறிய செயலா என்று அவரால் சொல்ல இயலாது. ஆனால் தொழில் முழுவதும் ஒரே நாளில் சந்தித்த மாற்றங்கள் சில உள்ளன. அந்நாளில் விண்ணப்பங்களைப் படிப்பவரும் அதே இன்னலைத் தம் நிறுவனத்தில் பட்டிருப்பார். அவ்வாறான ஆண்டுகளைத் தேடியெடுத்து, அப்போது நாம் என்ன செய்தோம் என்று எழுதுவதே இவ்வகைச் சுருக்கத்தின் உயிர்நாடி.

நம்மவர் பட்டியலில் அத்தகைய நாள்கள் இரண்டு உள்ளன. 2017 ஜூலை 1 அன்று நாடெங்கும் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. கலால் வரிக்கும் மதிப்புக்கூட்டு வரிக்கும் ஏற்பப் பழகியிருந்த பண்டகசாலைப் பதிவுகளை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ்என் குறியீட்டையும் வரிவிகிதத்தையும் சரிபார்த்து ஏற்றும் பணியைத் தம் பிரிவில் அவரே நடத்தினார்.

இரண்டாவது, 2020 ஏப்ரல் 1. வாகனப் புகை அளவீடுகள் அன்று பிஎஸ்-4 நிலையிலிருந்து நேரே பிஎஸ்-6 நிலைக்கு மாறின. எரிபொருள் குழாய், புகைபோக்கி போன்றவற்றைச் செய்யும் நிறுவனத்துக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை அத்துறையினர் அறிவர். பழைய வகைப் பொருள்கள் அந்நாளுக்குப் பின்னும் அலமாரியில் தங்கினால் அவற்றில் பெரும்பகுதி பழைய இரும்பின் விலைக்கே போகும். முன்னதாகவே தீர்ந்துபோனாலோ உற்பத்தி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பழைய பொருளும் எந்த வாரத்தில் தீர வேண்டும் என்று நாளிட்டு, புதிய பொருளின் வரவை அதனோடு பொருத்த வேண்டும். நம்மவர் அந்த அட்டவணையை ஏழு மாதங்களுக்கு முன்பே தொடங்கி நடத்தியவர். 'பிஎஸ்-6 மாற்றத்தின்போது பண்டகசாலையை நடத்தியவர்' என்ற சில சொற்களே இதனை அத்துறை மேலாளர் ஒருவருக்கு உணர்த்திவிடும். 'புதிதாகக் கற்றாரா?' என்ற ஐயத்துக்கும் இதுவே விடையாகிறது.

பிற துறையினருக்கும் இத்தகைய ஆண்டுகள் உண்டு. ஊதியப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் இருப்பவர், 2014-இல் வைப்புநிதி உறுப்பினர்களுக்கு யுஏஎன் என்னும் பொது எண் வந்தபோது ஊழியர் கணக்குகளை இணைத்ததைக் கூறலாம். நகைக்கடையில் கணக்கும் இருப்பும் கவனிப்பவர், 2021 ஜூனில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகத் தொடங்கியபோது கடையிருப்பை ஒழுங்குபடுத்தியதைக் கூறலாம்.

மூன்றாம்படி: ஓர் எண்ணை முறையாகக் கணக்கிடுதல்

சுருக்கத்தில் எண்கள் பல வேண்டியதில்லை. பொறுப்பின் அளவைக் காட்டும் எண் ஒன்றோ இரண்டோ, பயனைக் காட்டும் எண் ஒன்று, இவை போதும். நம்மவரின் பொறுப்பளவு 6,000-க்கு மேற்பட்ட பொருள் வகைகள், 11 பணியாளர்கள். பயனைக் காட்டும் எண்ணைத் தேர்வதில்தான் கவனம் தேவை.

2018–19-இல் பண்டகசாலையின் சராசரி இருப்பு 3 கோடியே 36 இலட்சம் ரூபாய். 2022–23-இல் அது 2 கோடியே 80 இலட்சம். 'இருப்பை 56 இலட்சம் குறைத்தேன்' என்று எழுத அவர் நினைத்தார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் உற்பத்தி பெருகியதை அந்த எண் மறைத்துவிடுகிறது. முதல் ஆண்டில் நுகரப்பட்ட பொருளின் மதிப்பு 29 கோடியே 20 இலட்சம். 365 நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 8 இலட்சம். 3 கோடியே 36 இலட்சம் இருப்பு 42 நாள் தேவைக்குச் சமம். பிந்தைய ஆண்டின் நுகர்வு 36 கோடியே 50 இலட்சம், அதாவது நாளொன்றுக்கு 10 இலட்சம். 2 கோடியே 80 இலட்சம் இருப்பு 28 நாளைக்குச் சமம்.

பழையபடி 42 நாள் இருப்பே தொடர்ந்திருந்தால் 4 கோடியே 20 இலட்சம் ரூபாய் அலமாரிகளில் முடங்கியிருக்கும். ஆகவே உண்மையில் விடுபட்ட முதல் 1 கோடியே 40 இலட்சம். நடைமுறை மூலதனக் கடனுக்கு நிறுவனம் செலுத்தும் வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், ஆண்டுக்கு 14 இலட்சம் ரூபாய் மிச்சம். '42 நாளிலிருந்து 28 நாள்' என்னும் கூற்று இத்தனையையும் உள்ளடக்கியது. மேலும், நாள் கணக்கில் கூறுவதால் நிறுவனத்தின் ரூபாய்க் கணக்குகளை வெளியிட வேண்டியதில்லை. விற்பனையாளர் விலை, வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றைத் தன்விவரக் குறிப்பில் எழுதுவது பணி ஒப்பந்தத்துக்கு மாறாக அமையக்கூடும். அதனைப் படிக்கும் புதிய நிறுவனமும், 'நாளை நம் இரகசியத்தையும் இவர் இவ்வாறே எழுதுவார்' என்று எண்ணும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. விலை உயர்ந்த சில பொருள்களைத் தனியே பிரித்து வாரந்தோறும் எண்ணிச் சரிபார்த்ததும், மறுகொள்முதல் அளவுகளைத் திருத்தியமைத்ததும் அவர் செய்தவை. சிறு சிறு தொகுதிகளாக அனுப்ப விற்பனையாளர்களை இசைவித்தது கொள்முதல் பிரிவு. 'நானே குறைத்தேன்' என்று எழுதினால், 'விற்பனையாளர்களிடம் என்ன பேசினீர்கள்?' என்ற கேள்வியில் நேர்காணல் தடுமாறும். 'கொள்முதல் பிரிவுடன் இணைந்து' என்னும் சொற்களைச் சேர்த்தால் கூற்று உறுதிபெறும்.

நான்காம்படி: எழுதுதல்

இப்போது வாக்கியங்களை அமைக்கலாம். முதல் வாக்கியத்தில் சந்தையில் வழங்கும் பதவிப் பெயரும் துறையும், அடுத்து பொறுப்பின் அளவு, மூன்றாவதாக ஆண்டுகளும் அவற்றில் நேர்ந்த மாற்றங்களும், நான்காவதாகப் பயன், இறுதியில் நாடும் பணி. இருபது ஆண்டுகள் என்ற செய்தி மூன்றாவது இடத்துக்குச் செல்வதைக் கவனிக்க. அங்கே அது மாற்றங்களோடு சேர்ந்து வருவதால் தேக்கமாகத் தோன்றாது.

"வாகன உதிரிபாக உற்பத்தித் துறையில் பண்டகசாலை மற்றும் இருப்புக் கட்டுப்பாட்டு மேலாளர். 6,000-க்கு மேற்பட்ட பொருள் வகைகளும் 11 பணியாளர்களும் கொண்ட பண்டகசாலைக்கு முழுப் பொறுப்பு. 2004-இல் உதவியாளராகத் தொடங்கி நான்கு நிலைகளில் உயர்ந்து, ஜிஎஸ்டி நடைமுறைக்கும் பிஎஸ்-6 மாற்றத்துக்கும் ஏற்பப் பண்டகசாலையை மாற்றியமைத்தவர். கொள்முதல் பிரிவுடன் இணைந்து, நான்கு ஆண்டுகளில் இருப்பை 42 நாளிலிருந்து 28 நாளாகக் குறைத்தவர். புணே வட்டார உற்பத்தி நிறுவனத்தில் பண்டகசாலை அல்லது பொருள் மேலாண்மைப் பொறுப்பை நாடுகிறார்."

நேர்மை, உழைப்பு என்னும் சொற்கள் நீங்கிவிட்டன. அவற்றை நிறுவ வேண்டிய இடம் நேர்காணலும், முன்னாள் மேலாளரிடம் அவர்கள் கேட்டறியும் சொல்லும் ஆகும். பணி விலகும் காரணமும் இங்கே இல்லை. தொழிற்சாலை இடம்பெயர்வதைக் கேட்கும்போது ஒரு வாக்கியத்தில் கூறினால் போதும்.

விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் செல்லும். எனினும் முதலில் தாய்மொழியில் எழுதிப் பார்ப்பது நன்று. பொருளற்ற அலங்காரச் சொற்கள் தாய்மொழியில் உடனே புலப்பட்டுவிடும். பின்னர் ஆங்கிலத்தில் எழுதும்போது, வேலை விளம்பரங்களில் வழங்கும் சொற்களையே கையாள வேண்டும். வேலைவாய்ப்பு இணையதளங்களில் நிறுவனங்கள் சொற்களைக் கொண்டே தேடுகின்றன. 'ஸ்டோர்ஸ் மேனேஜர்', 'இன்வென்டரி கன்ட்ரோல்' என்று தேடுபவருக்கு 'எம்-4 ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதியவர் கண்ணில் படமாட்டார். சந்தைப் பெயரைச் சுருக்கத்தில் எழுதினாலும், கீழே பணி வரலாற்றில் நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயரையும் காட்ட வேண்டும்; சரிபார்ப்பின்போது நிறுவனம் உறுதிசெய்வது அப்பெயரையே.

அனுப்புமுன் சரிபார்த்தல்

சுருக்கம் தேறியதா என்பதை அறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நம் பெயரை மறைத்துவிட்டு, பக்கத்து மேசையில் இருப்பவர் இதே சுருக்கத்தில் தம் பெயரை எழுதிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது. முடியுமெனில் அது இன்னும் பொதுப்படையாகவே உள்ளது. இரண்டாவது, அதே தொழிலில் வேறு நிறுவனத்தில் உள்ள ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் செய்து, தாளை வாங்கிக்கொண்டு, 'இவருக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு? எந்த வேலை கேட்கிறார்?' என்று வினவுவது. அவர் தயங்கும் இடத்தில் நம் நிறுவனத்துச் சொல் ஒன்று ஒளிந்திருக்கும்.

வேலை வேறாயின் சுருக்கமும் மாறும். நம்மவர் பொருள் கிடங்குகளை நடத்தும் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தால், பிஎஸ்-6 மாற்றம் அங்கே அவ்வளவாக எடுபடாது. மாநிலங்களுக்கிடையே சரக்கனுப்ப 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான இ-வே பில் நடைமுறையை அவர் தம் வாயிலில் நிறுவியிருந்தால், அவ்விடத்தில் அதுவே இடம்பெற வேண்டும்.

பணிச்சுருக்கத்தால் இயலாததும் உண்டு. பட்டப்படிப்பு கட்டாயம் என்று விளம்பரம் கூறுமாயின் டிப்ளமா பெற்றவரின் குறையை இவ்வைந்து வாக்கியங்கள் நிரப்பமாட்டா. அத்தகைய விண்ணப்பங்களில் நாள் கழிப்பதைவிட, அனுபவத்தைக் கல்விக்கு ஈடாக ஏற்கும் நிறுவனங்களைத் தேடுவது பயன்தரும்.

இறுதியாக, வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் ஒரு செய்தி. தன்விவரக் குறிப்பு பலர் கைக்குச் செல்லும் தாள். அதில் ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுத வேண்டியதில்லை. பணி நியமனம் உறுதியான பின்னர், நிறுவனத்தின் அலுவலகத்தில் அவற்றை அளித்தால் போதும். அதற்கு முன்னர் 'பதிவுக் கட்டணம்', 'சரிபார்ப்பு வைப்புத்தொகை' என்ற பெயரில் பணம் கேட்பவரிடம் செலுத்தாமல் விலகிவிட வேண்டும். பணம் சென்றுவிட்டது எனில், தாமதமின்றி 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் நம் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.